ஆடு கொடுத்தால் போதுமா?
ஒரு வாழ்வாதாரத் திட்டத்துக்கு லாக்ஃபிரேம் கட்டும் விதம்

கிராமத்துப் பெண்களின் ஆடு வளர்ப்புக்கு உதவ நினைக்கும் ஒரு தொண்டு நிறுவனம் நிதி கேட்டு விண்ணப்பித்தால், நிதி கொடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் தாள் ஒன்று உண்டு. நான்கு வரிசை, நான்கு பத்தி, மொத்தம் பதினாறு கட்டம் கொண்ட அட்டவணை அது. தொண்டு நிறுவன வட்டாரத்தில் அதை லாக்ஃபிரேம் என்பார்கள். விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசி நாள் இரவில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து நிரப்புகிற தாளாகப் பல இடங்களில் அது ஆகிவிட்டது. இது பெரிய இழப்பு. பணம் செலவாவதற்கு முன்பே ஒரு திட்டம் பலிக்குமா என்று சோதித்துப் பார்க்க அதைவிட வசதியான இடம் வேறில்லை.

1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக இருந்த யுஎஸ்எய்டுக்காக லியோன் ரோசன்பெர்க் என்பவரும் அவருடைய சக ஆலோசகர்களும் இதை உருவாக்கினார்கள். அந்த அமைப்பின் திட்டங்களில் அவர்கள் கண்ட குறைகள் மூன்று. நோக்கம் மங்கலாக எழுதப்பட்டிருந்தது. எதற்கு யார் பொறுப்பு என்பது தெரியவில்லை. மதிப்பீடு என்றாலே ஒருவரையொருவர் குற்றம் சொல்வதாக முடிந்தது. பிறகு 1980களில் ஜெர்மனியின் ஜிடிஇசட் நிறுவனம் இதையே கூட்டாகச் செய்யும் வேலையாக மாற்றியது. சம்பந்தப்பட்ட எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு அட்டையில் எழுதி, சுவரில் ஒட்டி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பேசி முடிப்பார்கள். அந்த முறையில் செய்தால்தான் இந்தத் தாளுக்கு உயிர் வருகிறது என்பது என் உறுதியான கருத்து.

எப்படிக் கட்டுவது என்பதை ஒரு திட்டத்தை வைத்தே பார்க்கலாம். தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் காட்டை எடுத்துக்கொள்வோம். கறுப்பு உடம்பும் முகத்தில் கோடுகளும் கொண்ட கன்னி ஆடு இந்தப் பக்கத்தின் சொத்து. இரட்டைக் குட்டி போடுவதில் பேர் பெற்றது. ஐந்து ஊர்களில் 150 குடும்பங்கள், குடும்பத்துக்கு இரண்டு மூன்று பெட்டை ஆடுகள், பராமரிப்பு முழுக்கப் பெண்கள் கையில். மூன்று ஆண்டுத் திட்டம். இதில் வரும் எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் அவை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் வரும் யோசனை, குடும்பத்துக்கு நான்கு ஆடு வாங்கிக் கொடுப்பது. புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும், கணக்குக் காட்டவும் எளிது. ஆனால் லாக்ஃபிரேம் வேலை கொடுப்பதில் தொடங்குவதில்லை. இருக்கிற ஆட்டிலிருந்து ஏன் வருமானம் வரவில்லை என்ற கேள்வியில் தொடங்குகிறது. அந்தக் கேள்வியைச் சுவரின் நடுவில் ஒட்டிவிட்டு, அதற்குக் காரணம் என்ன, அந்தக் காரணத்துக்குக் காரணம் என்ன என்று கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து கேட்டால் காரணங்கள் விரைவில் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டிகள் செத்துப்போகின்றன. பிழைத்த குட்டியும் சித்திரை, வைகாசியில் தழை இல்லாமல் மெலிந்துபோகிறது. மெலிந்த ஆட்டை, பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துப் பணமுடைக்காக, வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியிடம் கண்மதிப்பில் விற்றுவிடுகிறார்கள். எடை போட்டு விற்பதில்லை என்பதால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தோம் என்பதுகூடத் தெரிவதில்லை. இப்படி மூன்று வேர்கள் தெரிந்துவிட்டால், இன்னும் நான்கு ஆடு கொடுத்து என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிடும். சாகிற குட்டிகளின் எண்ணிக்கைதான் கூடும்.

குட்டிச் சாவு என்ற வேரில் இன்னும் ஓர் அடி கீழே போக வேண்டும். குட்டி சாகிறது, ஆகவே தடுப்பூசி போடுவோம் என்று தாவிவிடக் கூடாது. ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி நல்ல ஊசிதான். ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு வரை காக்கும். ஆனால் அதைக் குட்டிக்கு மூன்று, நான்கு மாதம் ஆன பிறகுதான் போடுவார்கள். இளங்குட்டிகளோ பெரும்பாலும் பிறந்த முதல் சில வாரங்களில் சாகின்றன. ஈரத் தரையில் படுத்து நெஞ்சில் சளி கட்டியோ, பிறந்த உடனே சீம்பால் போதிய அளவு குடிக்காமலோ, சினைக்காலத்தில் தாய்க்குத் தீவனம் இல்லாமல் எடை குறைந்து பிறந்தோ சாகின்றன. ஊசி மட்டும் போடும் திட்டம், ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்ட பிறகும் தோற்கும். இதை மூன்றாம் ஆண்டு முடிவில் கண்டுபிடிப்பதைவிடச் சுவரில் கண்டுபிடிப்பது மேல்.

இனி அட்டவணை. அதன் நான்கு வரிசைகளையும் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் இருப்பது செயல்பாடு, அதாவது நாம் செய்கிற வேலை. பயிற்சி நடத்துவது, தராசு வாங்குவது, கன்று நடுவது எல்லாம் இதில் அடங்கும். அதற்கு மேலே வெளியீடு. அந்த வேலை முடிந்ததும் கைக்கு வந்து நிற்பது எதுவோ அது. அதற்கு மேலே விளைவு. வந்து நின்றதை மக்கள் பயன்படுத்துவதால் அவர்கள் வாழ்வில் ஏற்படும் மாற்றம். உச்சியில் தாக்கம். நம் திட்டமும் வேறு பல காரணங்களும் சேர்ந்து நீண்ட காலத்தில் கொண்டுவரும் பெரிய மாற்றம்.

இந்த நான்கில் குழப்பம் வருவது எப்போதும் வெளியீட்டுக்கும் விளைவுக்கும் நடுவில்தான். ‘150 பெண்கள் பயிற்சி பெற்றனர்’ என்பதை விளைவு என்று எழுதியிருக்கும் அட்டவணைகளுக்குக் கணக்கே இல்லை. பிரித்தறிய ஒரு கேள்வி போதும். நம்மிடம் பணமும் ஆளும் இருந்தால், ஊர்க்காரர் எவருடைய முடிவையும் எதிர்பார்க்காமல் இதை நாமே நடத்திவிட முடியுமா? முடியும் என்றால் அது வெளியீடு. தராசு வாங்கித் தொங்கவிடுவது நம் கையில் இருக்கிறது. அந்தத் தராசில் எடை போட்ட பிறகே ஆட்டை அவிழ்ப்பேன் என்று ஒரு பெண் வியாபாரியிடம் சொல்வது அவர் கையில் இருக்கிறது. இரண்டாவது நடந்தால்தான் விளைவு.

வெளியீட்டிலிருந்து விளைவுக்கு ஒரே தாவலாகத் தாவுவதும் அடிக்கடி நடக்கிறது. ‘பயிற்சி கொடுத்தோம், வருமானம் கூடியது’ என்று எழுதினால் நடுவில் ஒரு படி காணாமல் போயிருக்கிறது என்று பொருள். பயிற்சிக்கும் வருமானத்துக்கும் நடுவில் யாரோ ஏதோ ஒன்றை வேறு மாதிரி செய்தாக வேண்டும். நம் திட்டத்தில் அந்தப் படிகள் இவை: மழைக்காலத்தில் குட்டிகளைக் காய்ந்த இடத்தில் அடைக்கிறார்கள், சினை ஆட்டுக்குக் கடைசி மாதங்களில் கூடுதலாகத் தழை போடுகிறார்கள், குட்டி நல்ல எடை வரும்வரை விற்காமல் வைத்திருக்கிறார்கள், எடை போட்டு விற்கிறார்கள். இவற்றை எழுதிவிட்டால் எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதும் தானே தெரிந்துவிடும்.

நம் திட்டத்தின் வெளியீடுகளை மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முதலாவது, ஐந்து ஊர்களிலும் சேர்த்து ஆட்டு வைத்திய உதவி தெரிந்த பத்துப் பெண்கள். ஆளுக்குப் பதினைந்து குடும்பம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் இப்படிப்பட்டவர்களைப் பசு சகி என்கிறார்கள். குடற்புழு மருந்து கொடுப்பது, தடுப்பூசி முகாமுக்கு ஆடுகளைத் திரட்டுவது, நோய் தெரிந்ததும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவது இவர்கள் வேலை. இரண்டாவது, 150 வீட்டிலும் தரையிலிருந்து உயர்த்திய சின்னக் குட்டிப் பரண் ஒன்றும், கோடையைத் தாங்கி நிற்கும் அகத்தியும் வேலிமசாலும். மூன்றாவது, ஊருக்கு ஒரு தொங்கு தராசும் சேர்ந்து விற்கிற ஒரு குழுவும்.

மேலே விளைவு ஒன்றே ஒன்றுதான்: பெண்கள் கையில் சேரும் ஆட்டு வருமானம் கூடுகிறது. விளைவுக் கட்டத்தில் நான்கைந்து வாக்கியம் எழுத ஆசை வரும். ஊட்டச்சத்து, தன்னம்பிக்கை, சூழல் என்று நீளும். ஒவ்வொன்றும் தனித் திட்டம் கேட்கிற வேலை என்பதால் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. உச்சியில் தாக்கமாக, கோடை மாதங்களில் வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் குறைவது என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து இரண்டாம் பத்தி, குறிகாட்டி. நடந்ததா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது என்பதற்கான விடை அது. ‘குட்டி இறப்பு குறையும்’ என்று எழுதினால் அது ஆசையாகவே நிற்கும். அதைக் குறிகாட்டியாக்க ஒவ்வொரு கேள்வியாகச் சேர்க்க வேண்டும். எந்தக் குட்டி? பிறந்து ஆறு மாதத்துக்குள் இருப்பவை. யாருடையவை? இந்த 150 குடும்பங்களுடையவை. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு? ஆண்டுக்குக் குடும்பத்துக்கு நான்கு குட்டி பிறக்கிறது என்றால் மொத்தம் 600. அதில் இப்போது 180 சாகின்றன என்றால் நூற்றுக்கு 30. இதை நூற்றுக்கு 12 ஆக்குவது இலக்கு என்றால் சாவு 72 ஆகக் குறைய வேண்டும். 108 குட்டிகள் கூடுதலாகப் பிழைக்க வேண்டும். எப்போதைக்குள்? மூன்றாம் ஆண்டு முடிவதற்குள்.

இவ்வளவு எழுதிய பிறகும் இதில் ஓட்டை இருக்கிறது. மூன்று மாதக் குட்டியைப் பணமுடையில் விற்றுவிட்டால் அது எந்தக் கணக்கில் சேரும்? சாகவில்லை, ஆகவே பிழைத்த கணக்கில் சேர்ந்துவிடும். நோய் தொட்ட குட்டியை அவசரமாக விற்றுத் தள்ளும் குடும்பத்தில் இறப்பு விகிதம் அழகாகக் குறைந்து தெரியும். எனவே ஆறு மாதத்துக்குள் விற்ற குட்டிகளைத் தனியாக எண்ண வேண்டும். அந்த எண்ணும் கூடிக்கொண்டே போனால் இறப்புக் குறைந்ததைக் கொண்டாடக் கூடாது. நாய் கடித்துச் செத்தது, திருட்டுப் போனது ஆகியவை சேருமா என்பதையும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஆள் மாறினால் எண்ணும் விதமும் மாறிவிடும். அதோடு ஒப்பீடும் போய்விடும்.

பருவமும் ஏமாற்றும். தொடக்கக் கணக்கெடுப்பை மழை முடிந்த மார்கழியில் எடுத்துவிட்டு, இறுதிக் கணக்கெடுப்பைப் பங்குனியில் ‘கடந்த மூன்று மாதத்தில் எத்தனை குட்டி செத்தது?’ என்று கேட்டு எடுத்தால், திட்டமே நடக்காத ஊரிலும் இறப்புக் குறைந்திருக்கும். மழைக்காலச் சாவுகள் முதல் கணக்கில் விழுந்து, இரண்டாவதில் விழாமல் போனதுதான் காரணம். இரண்டு கணக்கெடுப்பும் ஒரே மாதத்தில், ஒரே அளவு காலத்துக்கு இருக்க வேண்டும்.

வருமானக் குறிகாட்டியில் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. இப்போது ஒரு குடும்பம் ஆண்டுக்கு இரண்டு ஆட்டை மூவாயிரம் வீதம் விற்று 6,000 ரூபாய் பெறுகிறது, செலவு 500 போனால் கையில் 5,500. திட்டத்துக்குப் பிறகு மூன்று ஆட்டை 4,500 வீதம் விற்று 13,500 பெறும். மருந்து, தீவனச் செலவு 2,000 ஆகக் கூடும். கையில் நிற்பது 11,500. செலவைக் கழிக்காமல் எழுதும் திட்டங்கள் இருக்கின்றன. அது தவறு என்பது எல்லாருக்கும் புரியும். புரியாமல் போவது விலையேற்றம். மூன்று ஆண்டில் ஆட்டு விலை தானாகவே ஏறும். சனிக்கிழமை கூடும் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் விற்பனை சூடுபிடிக்கும். அந்த வாரங்களில் விற்றவருக்கு நம் உதவியில்லாமலும் நல்ல விலை கிடைத்திருக்கும். நம் திட்டத்தால் கூடியது எவ்வளவு, காலத்தால் கூடியது எவ்வளவு?

இதைப் பிரிக்க எளிய வழி இருக்கிறது. திட்டத்தில் சேராத பக்கத்து ஊர்களில் முப்பது குடும்பத்தின் விற்பனையையும் அதே முறையில் எழுதிவர வேண்டும். இரண்டு பக்கமும் விற்பதற்கு முன் ஆட்டை எடை போட்டு, கிலோவுக்கு எத்தனை ரூபாய் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். அங்கும் இங்கும் ஒரே அளவு ஏறியிருந்தால் ஏற்றியது சந்தை. நம் ஊர்களில் மட்டும் கூடுதலாக ஏறியிருந்தால், அந்தக் கூடுதலுக்குத் தராசும் குழுவும் ஓரளவு காரணம் என்று சொல்லலாம். அதற்கு மேல் உரிமை கொண்டாட முப்பது குடும்பத்தின் கணக்கு இடம் தராது.

இன்னொரு குறிகாட்டியையும் விடாமல் சேர்க்கச் சொல்வேன். ஆட்டைப் பெண் வளர்க்கிறார், விற்ற பணத்தை யார் வாங்குகிறார்கள்? விற்பனைப் பதிவில் ‘பணம் வாங்கியவர்’ என்று ஒரு பத்தி போட்டுவிட்டால் போதும். வருமானம் இரண்டு மடங்காகி, அத்தனையும் கணவர் கைக்குப் போயிருந்தால் விளைவு வாக்கியத்தில் ‘பெண்கள் கையில்’ என்று எழுதியது பொய்யாகிவிடும்.

மூன்றாம் பத்தி, சான்று எங்கே கிடைக்கும் என்பது. இங்கே ‘அறிக்கைகள், பதிவேடுகள்’ என்று பொதுவாக எழுதித் தப்பிப்பது வழக்கம். யார் எழுதும் பதிவேடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் சரிபார்ப்பது என்று எழுதினால்தான் அந்தக் கட்டம் நிரம்பியதாகும். ஊசி போட்டதற்குக் கால்நடை மருந்தகத்தின் பதிவு இருக்கும். குட்டிப் பிறப்பும் சாவும் வீட்டுப் பெண்ணின் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்குக் கோடு போடுகிற படக் குறிப்பேடு நன்றாக வேலை செய்யும். கவனிக்க வேண்டியது, எழுதுகிறவருக்கு அந்த எண்ணால் என்ன லாபம் அல்லது நட்டம் என்பதை. ஆடு இறந்தால் இழப்பீடு உண்டு என்று பேச்சு எழுந்தால் சாவு கூடிப் பதிவாகும். சாவு கூடினால் ஊக்கத்தொகை குறையும் என்று ஆட்டு வைத்திய உதவிப் பெண்ணுக்குத் தெரிந்தால், அவர் எழுதும் பதிவேட்டில் சாவே இருக்காது. ஆகவே சாவைப் பதிவு செய்பவரும் சாவைக் குறைக்கப் பொறுப்பேற்றவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

அளக்கிற செலவையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். 150 வீட்டுக்கும் மாதாமாதம் போக ஆள் இல்லையென்றால், சீட்டுக் குலுக்கிப் போட்டு ஐம்பது வீட்டைத் தேர்ந்தெடுத்து அங்கே ஒழுங்காகப் போவது நல்லது. அளக்க முடியாத குறிகாட்டியை எழுதுவதைவிட அதை அடித்துவிடுவது நேர்மை.

நான்காம் பத்திதான் என் பார்வையில் இந்த அட்டவணையின் இதயம். அதற்கு அனுமானம் என்று பெயர். நம் கையில் இல்லாத, ஆனால் நடந்தே ஆக வேண்டியவற்றை அங்கே எழுத வேண்டும். ‘அரசு ஒத்துழைக்கும்’, ‘மக்கள் ஆர்வம் காட்டுவார்கள்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் சில கேள்விகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இது நடக்காவிட்டால் திட்டம் கெடுமா? கெடாது என்றால் அந்த வரி தேவையில்லை. அநேகமாக நடந்துவிடுமா? அப்போதும் தேவையில்லை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் எழுதிவைத்துக் கண்காணிக்க வேண்டும். நடக்காது என்றே தோன்றினால், அதை நம் வேலையாக உள்ளே இழுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். இழுக்கவும் முடியாதென்றால் அந்தத் திட்டத்தைத் தொடங்கவே கூடாது. உயிர்க்கொல்லி அனுமானம் என்று சொல்லத்தக்கது அதுதான்.

நம் திட்டத்தில் ஓட்டிப் பார்க்கலாம். புரட்டாசிக்குள் கால்நடை மருந்தகத்துக்குத் தடுப்பூசி வந்துசேரும் என்பது ஓர் அனுமானம். வரலாம், தாமதமும் ஆகலாம். அதைக் குளிர்ச்சி விடாமல் ஊர்வரை கொண்டுபோக ஐஸ் பெட்டி வேண்டும் என்பது இன்னொன்று. இதை அனுமானமாக விட்டுவைக்கக் காரணமே இல்லை. ஊருக்கு ஒரு பெட்டி வாங்கிவிட்டால் அது செயல்பாட்டு வரிசைக்கு இறங்கிவிடும். தீவனத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். வீட்டோரம் நாற்பது அகத்தி நட்டாலும் ஆடு முக்கியமாக மேய்வது மேய்ச்சல் புறம்போக்கிலும் அறுவடை முடிந்த கரிசல் நிலத்திலும்தான். இந்த வட்டாரங்களில் சூரிய மின் பண்ணைகளுக்கு நிலம் வேலி போடப்பட்டு வருகிறது. ஒரு கிராமத்தின் மேய்ச்சல் வழி அடைபட்டுப்போகும் என்று தெரிந்தால், அந்த ஊருக்கு இந்தத் திட்டம் சரிவராது. பெட்டை ஆட்டின் எண்ணிக்கையைக் கூட்டும் பேச்சே அங்கே எடுக்கக் கூடாது. ஊர்த் தேர்வையே இது மாற்றிவிடும். அனுமானப் பத்தியை முதலில் எழுதினவர்களுக்கு இது முதலில் தெரியும். கடைசியில் எழுதினவர்களுக்கு ஆடு மெலிந்த பிறகு தெரியும்.

அட்டவணையைச் சுருக்கி எழுதினால் இப்படி நிற்கும். ஒவ்வொரு வரிசையின் அனுமானமும், அந்த வரிசையிலிருந்து மேல் வரிசைக்கு ஏறத் தேவையானது.

| வரிசை | குறிகாட்டி | சான்று | அனுமானம் |
|---|---|---|---|
| தாக்கம்: கோடைக் கடன் குறைகிறது | சித்திரை முதல் ஆனி வரை வட்டிக்கு வாங்கிய குடும்பங்களின் எண்ணிக்கை | ஆண்டுதோறும் ஆடி மாதம் வீட்டுக் கணக்கெடுப்பு | – |
| விளைவு: பெண்கள் கையில் ஆட்டு வருமானம் கூடுகிறது | நிகர வருமானம் 5,500இலிருந்து 11,500, குட்டி இறப்பு 30இலிருந்து 12 விழுக்காடு, பணம் வாங்கியவர் யார் | படக் குறிப்பேடு, விற்பனைப் பதிவு, முப்பது ஒப்பீட்டுக் குடும்பங்கள் | மானாவாரி விளைச்சல் அடியோடு பொய்க்கவில்லை |
| வெளியீடு: பத்து உதவிப் பெண்கள், பரணும் தழையும், தராசும் குழுவும் | மருத்துவர் முன் செய்து காட்டித் தேறியவர்கள், வைகாசியில் உயிரோடு நிற்கும் செடிகள், தராசில் நடந்த விற்பனைகள் | மருத்துவர் கையெழுத்து, நேரில் எண்ணுதல், குழுவின் பதிவு | மேய்ச்சல் வழி அடைபடவில்லை |
| செயல்பாடு: பயிற்சி, நடவு, பரண், தராசு, ஐஸ் பெட்டி | செலவுத் திட்டம், கால அட்டவணை | ரசீதுகள், வருகைப் பதிவு | தடுப்பூசி புரட்டாசிக்குள் வருகிறது |

வெளியீட்டு வரிசையில் ‘நட்ட செடிகள்’ என்று எழுதாமல் ‘வைகாசியில் உயிரோடு நிற்கும் செடிகள்’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நடுவது கார்த்திகை மழையில் எளிது. கோடையில் தழை கொடுக்கிற செடிதான் ஆட்டுக்குப் பயன்படும். அதே போல் ‘பயிற்சி பெற்றவர்கள்’ என்று எழுதாமல் ‘செய்து காட்டித் தேறியவர்கள்’ என்று எழுத வேண்டும்.

கால அளவில் ஒரு சொல். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பிறந்த குட்டி நல்ல விலை பெறும் எடைக்கு வர இன்னும் ஏழெட்டு மாதம் ஆகும். இன்று நன்றாகப் பராமரிக்கத் தொடங்கிய பெட்டை ஆட்டின் பலன் பணமாக மாற ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பது இதன் பொருள். நான்கு மாதப் பெட்டைக் குட்டியைக் கொடுத்துத் தொடங்கும் திட்டமானால், அது வளர்ந்து, ஈன்று, அந்தக் குட்டி விற்பனைக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகிவிடும். பன்னிரண்டு மாதத் திட்டத்தில் வருமானம் இரட்டிப்பாகும் என்று எழுதியிருந்தால், எழுதியவருக்கு ஆட்டைப் பற்றித் தெரியவில்லை அல்லது படிப்பவருக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார். முதல் ஆண்டுக்கு வெளியீட்டு இலக்கும் பழக்க மாற்ற இலக்கும் போதும். இறப்புக் குறைவதை இரண்டாம் மழைக்காலத்திலும், வருமானத்தை மூன்றாம் ஆண்டிலும் பார்க்கலாம்.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் உண்மை இருக்கிறது. ஹேக் நகரச் சமூகவியல் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த டெஸ் காஸ்பர், காரணகாரியத் தொடர்பே இல்லாமல் கட்டங்களை நிரப்புவதையும், ஒருமுறை எழுதியதைக் கடைசிவரை மாற்றாமல் பூட்டிவைப்பதையும் கடுமையாக விமர்சித்திருக்கிறார். ஊர் வாழ்க்கை நான்கு படிகளில் நேராக ஏறுவதில்லை. ஒரு நோய்ப் பரவல் ஒரே மாதத்தில் எல்லாக் கணக்கையும் புரட்டிவிடும். அதற்காக அட்டவணையை விட்டுவிட வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து அதைத் திருத்த வேண்டும். இலக்கை எட்ட முடியாததால் எண்ணை மட்டும் குறைத்துக்கொள்வது திருத்தம் ஆகாது. எந்த அனுமானம் பொய்த்தது, அதனால் எந்தச் செயல்பாட்டை மாற்றினோம் என்று தேதியோடு எழுதி, அதை நிதி கொடுத்தவருக்கும் தெரிவிப்பதுதான் திருத்தம். இதை ஏற்க மறுக்கும் நிதி நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் தவறு களத்தில் இருப்பவர்களுடையது இல்லை.

தமிழில் முதலில் எழுதி, ஊரில் உரக்கப் படித்துக் காட்டிய பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்படி சிறு தொண்டு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ‘வியாபாரிக்கிட்ட ரெண்டாயிரம் முன்பணம் வாங்கியிருக்கோமே, அவன்கிட்டதானே விக்கணும்?’ என்று ஒரு பெண் கேட்டால், சேர்ந்து விற்கும் குழு என்ற வெளியீட்டின் அடியில் இன்னும் ஒரு வேர் இருப்பது தெரியவரும். அந்தக் கடனைக் குழுவின் சேமிப்பிலிருந்து அடைக்க ஒரு செயல்பாடு சேர்க்காவிட்டால் தராசு சும்மா தொங்கும்.

நன்கொடை கொடுக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்டுக்கோ தையல் இயந்திரத்துக்கோ பணம் கேட்டு யாராவது வந்தால், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கொடுத்ததை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள், அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேளுங்கள். லாக்ஃபிரேமைக் காட்டச் சொல்லி, அனுமானப் பத்தியை முதலில் படியுங்கள். அது வெறுமையாக இருந்தால், நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.